நடுக்கோட்டுக்கு நான் போட்ட முட்டை

அந்த முட்டையைப் போட எனக்கு இரண்டு நொடிகூட ஆகியிருக்காது. அதை அழிக்க ஒரு பகல் முழுக்கத் தொண்டை வறளப் பேசினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. யார் மேல் எரிச்சல் என்று கேட்டால், வரிசையாக நாலைந்து பேரைச் சொல்லிவிட்டுக் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்பேன்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்காக ஓர் அறக்கட்டளை கோடை விடுமுறையில் ஒரு தேர்வு நடத்துகிறது. பத்தாவது எழுதி முடித்தவர்களுக்கு. பாடம் கணக்கு ஒன்றுதான். நூற்றுக்கு அறுபது எடுத்துவிட்டால் அடுத்த இரண்டு வருடப் படிப்புச் செலவையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அறுபதுக்கு ஒன்று குறைந்தாலும் ஒன்றும் கிடையாது. இந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளை பதினொன்றாம் வகுப்புக்குப் போவதா, கண்டெய்னர் யார்டு வேலைக்குப் போவதா என்பது பல வீடுகளில் அந்தத் தாளில்தான் முடிவாகும். நான் தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளியில் பதினேழு வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். அந்த மே மாதம் தாள் திருத்தக் கூப்பிட்டார்கள், போனேன்.

திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடியில் எங்களை உட்கார வைத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் லாரி ஹாரன், மூடினால் வேர்வை. காற்று மணலி எண்ணெய் ஆலைகள் பக்கமிருந்து திரும்பினால் அந்தக் கலீஜ் வாடை வேறு. தாள்களில் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, எண் மட்டும்தான். காலையில் ஆளுக்கு ஒரு கட்டு. மாலை நான்கு மணிக்குக் கட்டி ஒப்படைக்க வேண்டும். எங்கள் எல்லோருக்கும் மேலே ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கணக்கு வாத்தியார்தான், வண்ணாரப்பேட்டைக்காரர். விடைக்குறிப்பு எழுதியவரும் அவரே. எங்களுக்கு அவர் 'பெரியவர்'. போட்ட மதிப்பெண்ணை மாற்ற வேண்டுமென்றால் அவர் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு தாளுக்கு ஒரு முறைதான்.

கடைசிக்கு முந்தைய கேள்வி எட்டு மதிப்பெண். ஒரு முக்கோணத்தின் மூன்று நடுக்கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்கும், அந்தப் புள்ளி ஒவ்வொரு நடுக்கோட்டையும் முனையிலிருந்து இரண்டுக்கு ஒன்று என்று பிரிக்கும் என்று நிறுவுக. நடுக்கோடு என்றால் ஒரு முனையிலிருந்து எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளிக்கு இழுக்கும் கோடு. அவ்வளவுதான். பதினேழு வருடத்தில் அந்தப் படத்தை எத்தனை முறை கரும்பலகையில் போட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

காலை பதினொன்றுக்குள் முப்பது தாள் பார்த்திருந்தேன். எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே விடை. 'நடுக்கோடுகள் AD, BE, CF மூன்றும் G-யில் சந்திக்கட்டும்' என்று ஆரம்பம். E, F இரண்டும் நடுப்புள்ளிகள், அதனால் EF கீழ்ப்பக்கமான BC-க்கு இணை, அதில் பாதி. அதனால் G-யைச் சுற்றி எதிரெதிரே இருக்கும் சின்ன முக்கோணமும் பெரிய முக்கோணமும் வடிவொத்தவை, ஒன்றுக்கு இரண்டு. அதனால் BG-யும் GE-யும் இரண்டுக்கு ஒன்று. மற்றவையும் அவ்வாறே. நிறுவப்பட்டது. விடைக்குறிப்பிலும் அப்படியே இருந்தது. எட்டு, எட்டு, எட்டு என்று போட்டுக்கொண்டே வந்தேன். கை தானாக ஓடியது.

அப்போதுதான் நானூற்றுப் பதினேழாம் எண் வந்தது. படம் ஒழுங்காகத்தான் இருந்தது. அதற்குக் கீழே, பேசுகிற மாதிரியே எழுதியிருந்தது:

'A, B, C மூணு முனையிலயும் வலைக்குக் கட்ற ஈயக் குண்டு ஒண்ணு ஒண்ணு கட்டு. மூணும் ஒரே எடை. முக்கோணத்துக்கு எடையே இல்லன்னு வச்சிக்கோ.'

அதற்கு மேல் நான் படிக்கவில்லை. ஈயக் குண்டாம், வலையாம். கணக்குத் தாளில் என்ன விளையாட்டு என்று கோபம்தான் வந்தது. பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தேன், ஓரத்தில் ஒரு முட்டை போட்டேன். அடுத்த பக்கத்தின் தலையில் ஒட்டாமல் இரண்டு வரி தொங்கிக்கொண்டிருந்தது. எதற்கும் சேராத வரி என்று அதையும் சேர்த்து அடித்துவிட்டுக் கடைசிக் கேள்விக்குப் போனேன். கூட்டிப் பார்த்தால் ஐம்பத்திரண்டு.

டீ வந்தது. குடித்துக்கொண்டே அந்தத் தாளை மறுபடி எடுத்தேன். நல்ல எண்ணத்தில் எடுக்கவில்லை. பக்கத்தில் வியாசர்பாடியிலிருந்து வந்திருந்த டீச்சர் உட்கார்ந்திருந்தாள், என்னைவிடச் சின்னவள். அவளிடம் படித்துக் காட்டிச் சிரிக்கலாம் என்றுதான் எடுத்தேன். சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

'B குண்டும் C குண்டும் ஒரே எடை. அது ரெண்டையும் சேர்த்துத் தூக்கணும்னா நடுவுல புடிக்கணும். நடு D. அப்ப D-ல ரெண்டு குண்டு எடை கீற மாதிரி. A-ல ஒண்ணு. இப்ப A-யையும் D-யையும் சேர்த்துத் தூக்கணும். கனமான பக்கம் கிட்டக்கப் புடிக்கணும். D ரெண்டு மடங்கு கனம், அதனால A-லருந்து ரெண்டு பங்கு தூரம், D-லருந்து ஒரு பங்கு தூரம். AD கோட்ல அங்க புடிச்சா மொத்தமும் நிக்கும். இதே மாதிரி B-லருந்து பாத்தா BE கோட்ல. C-லருந்து பாத்தா CF கோட்ல.'

படித்து முடித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

மூன்று குண்டும் அதேதான். B-யையும் C-யையும் முதலில் சேர்த்தால் என்ன, C-யையும் A-யையும் முதலில் சேர்த்தால் என்ன, மொத்தமும் நிற்கிற இடம் மாறாது. அந்த இடம் முதல் நடுக்கோட்டிலும் இருக்கிறது, இரண்டாவதிலும் இருக்கிறது, மூன்றாவதிலும் இருக்கிறது. அப்படியானால் மூன்றும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். இரண்டுக்கு ஒன்று ஏன் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஒரு பக்கம் ஒரு குண்டு, மறுபக்கம் இரண்டு குண்டு. இவ்வளவு சுருக்கமாக நான் என் வாழ்நாளில் சொல்லிக்கொடுத்ததில்லை.

"இன்னாக்கா, பேயறைஞ்ச மாதிரி கீறீங்க?" என்றாள் பக்கத்து டீச்சர்.

"இதுக்குப் போய் முட்டை போட்டுட்டேன்டி."

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். "சரியாத்தான் கீது. ஆனா ஆன்சர் கீ-ல இல்லியே. பெரியவர்ட்ட போய்ச் சொல்லுங்க, அம்பத்திரண்டு கீது, எட்டு போட்டா கரெக்டா அறுபது, பாவம் பாஸாயிடும்னு."

"பாவம் பாத்துப் பிச்சை கேக்கறதுக்கா? விடை சரி. அதுக்கு மார்க் வேணும். மொத்தம் எவ்ளோன்னு நான் ஏன் சொல்லணும்?"

"உங்க இஷ்டம்" என்றாள் அவள்.

பெரியவர் ஹாலின் கோடியில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். தாளைக் கொண்டுபோய் வைத்தேன். என் சிவப்புக் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? நீங்களே அடிச்சிட்டு நீங்களே வந்து நிக்கிறீங்க."

"தப்பா அடிச்சிட்டேன் சார். படிச்சுப் பாருங்க."

படித்தார். "இது இயற்பியல்மா. வடிவியல்ல எடை எங்க வந்துச்சு? இந்தப் பிள்ளை தராசு வச்சுக்கினு நிரூபணம் பண்ணுது. கீ-ல இல்ல. வுடுங்க."

மேற்கொண்டு பேச விடவில்லை. வந்து உட்கார்ந்தேன். அடுத்த தாளில் 'மூன்றும் G-யில் சந்திக்கட்டும்' என்று இருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சந்திக்கட்டும்! நிறுவச் சொன்னதே அதைத்தானே. மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கும் என்று காட்டு என்றால், முதல் வரியிலேயே மூன்றும் சந்திக்கட்டும் என்று எழுதிவிட்டு, அப்புறம் வடிவொத்த முக்கோணம், இணைகோடு என்று ஊரைச் சுற்றிவிட்டு வருகிறார்கள். அதற்கு நான் முப்பது தடவை எட்டு போட்டிருக்கிறேன். பதினேழு வருடமாக அதையேதான் நடத்தியும் இருக்கிறேன். ஒரு பிள்ளைகூட எழுந்து, சந்திக்காட்டி என்ன டீச்சர் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உட்காரு என்றுதான் சொல்லியிருப்பேன், எனக்கு என்னைத் தெரியாதா?

சாப்பாட்டு வேளையில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். தாள் கட்டின் மேலட்டையிலிருந்து ஒரு முக்கோணம் வெட்டினேன். மூன்று நடுக்கோடும் போட்டு, அவை சேர்ந்த இடத்தைப் பேனா முனையில் வைத்தேன். அட்டை சாயாமல் நின்றது. அதை அப்படியே ஏந்திக்கொண்டு பெரியவரிடம் போனேன். அவர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நிக்குது பாருங்க சார்."

அவர் கை கழுவிவிட்டு வந்து அட்டையை வாங்கிப் பார்த்தார். "நிக்குது. சரி. இதே மாதிரி ஆயிரம் அட்டை வெட்டினாலும் ஆயிரம் முக்கோணத்துக்குத்தான் காட்டினதாகும். அதுவும் போக, இங்க எடை அட்டை முழுக்கப் பரவிக் கீது. பிள்ளை சொன்னது முனைல மட்டும் எடை. ரெண்டும் ஒரே எடத்துல நிக்கும்னு யாரு சொன்னது? இன்னும் ஒரு நிரூபணம் வேணும்மா உங்களுக்கு."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதுதான் ஆத்திரம். நல்ல வழக்கைக் கொண்டுபோய்க் கெட்ட சாட்சியை நிறுத்திய வக்கீல் மாதிரி திரும்பி வந்தேன். பக்கத்து டீச்சர் அட்டையை எடுத்து விசிறிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு மறுபடி போனேன். இந்த முறை அட்டை இல்லை, ஒரு வெள்ளைத்தாள் மட்டும்.

"சார், எடைங்கிற வார்த்தைய விட்ருங்க. நடுக்கோட்டு மையத்துக்குச் சூத்திரம் நாமதானே சொல்லிக் குடுக்கறோம்? மூணு முனையோட x எல்லாத்தையும் கூட்டி மூணால வகு, y எல்லாத்தையும் கூட்டி மூணால வகு. அந்தப் பிள்ளை செஞ்சிருக்கறது அதேதான். B-யையும் C-யையும் முதல்ல கூட்டிப் பாதி எடுத்தா D. அதை ரெண்டு பங்கு, A-யை ஒரு பங்குன்னு சேர்த்து மூணால வகுத்தா AD மேல, D பக்கமா கிட்ட வர்ற புள்ளி. ரெண்டுக்கு ஒண்ணு. இப்ப C-யையும் A-யையும் முதல்ல கூட்டுங்க. கூட்டுத்தொகை மாறுமா?"

"மாறாது" என்றார்.

"அப்ப புள்ளி மாறுமா?"

அவர் பென்சிலால் ஒரு முக்கோணம் போட்டார். சின்னதாகச் சிரித்தார். கணக்கு வாத்தியாருக்குக் கணக்கு பிடித்துப்போனால் வருகிற சிரிப்பு அது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"விடை சரிதாம்மா. நல்லாவே கீது" என்றார். "ஆனா ஒரு வரி இல்ல. நிக்கிற எடம் ஒண்ணே ஒண்ணுதான், எந்த ரெண்டை முதல்ல சேர்த்தாலும் மாறாதுன்னு எழுதணும். நீங்க சொன்னீங்க. பிள்ளை சொல்லல. AD-ல நிக்கும், BE-ல நிக்கும், CF-ல நிக்கும்னு வுட்டுச்சு. மூணும் ஒரே எடம்னு எங்க கீது? அதானே கேள்வியே. ஒரு மார்க் குறையும். ஏழு போடுங்க."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "சார், உங்க கீ-லயும் அந்த வரி இல்லை."

"இன்னாது?"

"மூணும் G-ல சந்திக்கட்டும்னு ஆரம்பிக்கிறீங்க. ரெண்டு கோட்டைத்தான் சந்திக்க வச்சிருக்கணும். BE-யும் CF-ம் சந்திச்சா, B-லருந்து மூணுல ரெண்டு பங்கு தூரத்துல சந்திக்கும். அப்புறம் AD-யையும் BE-யையும் எடுத்தா அதுவும் B-லருந்து மூணுல ரெண்டு பங்கு. BE மேல அந்தத் தூரத்துல ஒரு புள்ளிதான் இருக்கு, அதனால ரெண்டும் ஒண்ணு. இந்த வரி எங்க சார் உங்க கீ-ல? அதே மாதிரி எழுதின எல்லாருக்கும் முழுசா எட்டு போட்டுக்கினு கீறோம்."

கோபம் வந்தால் என் பேச்சு பிறந்த தெருவுக்குப் போய்விடும். ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் விடைக்குறிப்பை எடுத்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். தான் எழுதியதைத் தானே படிக்கிற மனிதரின் முகத்தை அன்றைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"நீங்க சொல்றது ரைட்டு" என்றார், மெதுவாக. "அப்ப இன்னா பண்ணலாம் சொல்லுங்க. எல்லாருக்கும் ஒண்ணு குறைக்கலாமா? காலைல கட்டின கட்டெல்லாம் பிரிக்கணும். அறுபது வாங்கின பிள்ளைங்க எத்தினி பேரு அம்பத்தொம்போதுக்கு வரும்? பண்ணலாமா?"

யாருடைய பிள்ளைகளையோ தள்ளிவிடுவதற்கு நான் இங்கே வரவில்லை.

"இதுக்கும் எட்டே போட்ருங்க சார்."

"தெரியாம குடுத்தது வேற. தெரிஞ்சிக்கினு குடுக்கறது வேறம்மா. அந்த வரி இருந்தா நானே எட்டு போடுவேன். இல்ல. ஏழு." அவர் என் முட்டையை அடித்து, பக்கத்தில் ஏழு என்று எழுதினார். 'மாற்று முறை, முடிவு வரி இல்லை' என்று காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்போதாவது வாயைத் திறந்து மொத்தத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாள் முழுக்க நியாயம் பேசிவிட்டுக் கடைசியில் கெஞ்சுவதற்கு எனக்குத் திமிர் இடம் கொடுக்கவில்லை. அந்தத் திமிருக்கு விலை கொடுக்கப் போவது நான் இல்லை என்பது மட்டும் அப்போது உறைக்கவில்லை.

இடத்துக்கு வந்து, மொத்தத்தை அடித்து ஐம்பத்தொன்பது என்று எழுதினேன். மூன்றே முக்கால் ஆகியிருந்தது. கட்டைக் கட்டுவதற்கு முன் எல்லாப் பக்கத்திலும் மதிப்பெண் விழுந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். நானூற்றுப் பதினேழின் பக்கத்தைத் திருப்பினேன்.

அடுத்த பக்கத்தின் தலையில், காலையில் நான் சிவப்பு மையால் அடித்த அந்த இரண்டு வரி. அடித்த கோட்டுக்கு அடியில் எழுத்து தெளிவாகத்தான் இருந்தது.

'குண்டு அதே மூணுதான். எந்த ரெண்டை மொதல்ல சேத்தாலும் நிக்கிற எடம் ஒண்ணுதான், மாறாது. அதனால மூணு கோடும் அந்த ஒரே எடத்துக்கு வந்துதான் ஆவணும்.'

தாளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பெரியவர் வராந்தாவில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"சார், எழுதியிருக்கு. அந்த வரி எழுதியிருக்கு. இடம் இல்லாம அடுத்த பக்கத்துல எழுதியிருக்கு. நான்தான் பாக்காம அடிச்சிட்டேன்."

அவர் நின்றபடியே படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"மொத்தம் எவ்ளோ?" என்று கேட்டார்.

"அம்பத்தொம்போது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? மொத்தம் தெரிஞ்சிருந்தா நான் நாலு பக்கம் புரட்டிப் பாத்திருப்பேனே."

"இன்னொரு கையெழுத்துப் போடுங்க சார்."

"ஒரு தாள்ல ரெண்டு வாட்டி மாத்தினா அந்தத் தாளையே செல்லாதுன்னு எடுத்து வச்சிருவாங்க. ரூல் போட்ட கமிட்டில நானும் இருந்தேன். நான் எழுதிக் கேட்டுப் பாக்கறேன்." தாளை என் கையில் திருப்பிக் கொடுத்தார். அவர் எழுதிக் கேட்டார் என்று பிறகு தெரிந்தது. பதில் வந்ததா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூன் முதல் வாரத்தில் பட்டியல் ஒட்டினார்கள். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. இருந்தாலும் பள்ளி விட்டதும் பஸ் ஏறித் திருவொற்றியூருக்குப் போனேன். கேட்டில் கூட்டம். அம்மாக்கள், அப்பாக்கள், பிள்ளைகள். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்தோ வேறு எந்த மீனவக் குப்பத்திலிருந்தோ அந்தப் பிள்ளை அங்கே வந்திருக்கலாம். என் பக்கத்திலேயே நின்றிருக்கலாம். ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் விரல் வைத்துப் பார்த்தேன்.

நானூற்றுப் பதினாறு இருந்தது. அதற்குக் கீழே நானூற்றுப் பத்தொன்பது.

நானூற்றுப் பதினாறு என் கட்டில் இருந்த தாள்தான். எனக்கு நன்றாக நினைவிருந்தது. 'மூன்றும் G-யில் சந்திக்கட்டும்' என்று ஆரம்பித்திருந்தது. நான் எட்டு போட்டிருந்தேன்.